எல்லோருக்கும் போன நலம் விசாரிப்பு

மரக்காணத்து உப்பளப் பக்கம் ஒருவரிடம் ஒரு உதவி கேட்க வேண்டுமென்றால் நேராகக் கேட்டுவிட மாட்டார்கள். முதலில் வீட்டை விசாரிக்க வேண்டும். அம்மா எப்படி இருக்காங்க, முட்டி வலி தேவலையா, பொண்ணுக்கு வரன் ஏதாவது அமைந்ததா, இதெல்லாம் முடிந்து, டீயும் குடித்து, கிளம்புகிற நேரத்தில்தான் வந்த விஷயம் வாயில் வரும். அருள்மொழி இந்த வழக்கத்தில் வளர்ந்தவள். கடைசியில் இந்த வழக்கமே அவளைக் கவிழ்த்துவிட்டது.

அவள் அம்மா கொளஞ்சியம்மாள் இருபது வருஷத்துக்கு மேலாக உப்பு வாருகிறவள். அந்தக் கூலியில் மகளைத் திண்டிவனத்துக்கு பஸ் ஏற்றி வேதியியல் படிக்க வைத்தாள். படித்து முடித்த அருள்மொழிக்குச் சாலையோரத்து உப்பு பாக்கெட் போடும் யூனிட்டில் வேலை கிடைத்தது. லேப் என்று பெயர். உண்மையில் ஒரு மேஜை, சொட்டுச் சொட்டாகத் திரவம் விடும் ஒரு பியூரெட் குழாய், ஒரு ஜன்னல். உப்பில் அயோடின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சோதனையில் உப்புக் கரைசலின் நீலம் மறைகிற அந்தக் கடைசிச் சொட்டு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆரோக்கியராஜ் அவளுக்குப் பழக்கமானதும் அந்த வேலையால்தான். அவர் இதே ஊர்க்காரர். அவருடைய அம்மா சகாயமேரியும் கொளஞ்சியம்மாளும் ஒரே பாத்தியில் வேலை செய்தவர்கள். பிள்ளை படித்துத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பெரிய உப்பு ஆலையில் தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவராகிவிட்டார். லிங்க்டுஇன்னில் அவரைக் கண்டுபிடித்த அருள்மொழி வேலை எதுவும் கேட்கவில்லை. மூட்டை கட்டி வைத்த உப்பில் ஒரு மாதத்திலேயே அயோடின் ஏன் இறங்கிவிடுகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தான் இன்னாருடைய மகள் என்பதைக்கூடக் கடைசி வரியில்தான் சொன்னாள்.

அவர் விளக்கமாகவே பதில் எழுதினார். உப்பைச் சரியாகக் கழுவாவிட்டால் அதிலிருக்கும் மக்னீசியம் ஈரத்தை இழுக்கும், ஈரம் அயோடினைக் கெடுக்கும், மூட்டைக்கு உள்ளே பாலிதீன் உறை இருக்கிறதா என்று பார் என்றார். அருள்மொழி நன்றி சொன்னதோடு நிற்கவில்லை. உறை போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று இரண்டு மூட்டை தனியாக வைத்துப் பார்த்து, வந்த கணக்கை அவருக்கு அனுப்பினாள். அதிலிருந்து எப்போதாவது பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் உப்பு, சில நேரம் ஊர். சீசன் முடிந்தால் யூனிட்டை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரே எழுதினார்: "எங்க லேப்ல ஒரு எடம் வர்ற மாதிரி இருக்குது. வந்தா நானே சொல்றேம்மா."

கேட்காமலே வந்த வார்த்தை அது. இதைவிட வேறென்ன வேண்டும்?

பிறகு சகாயமேரி இறந்துபோனார். அருள்மொழி அம்மாவோடு அடக்கத்துக்குப் போனாள். குழியில் ஒரு கைப்பிடி மண் போட்டாள். திரும்பும்போது ஆரோக்கியராஜ் அவளைப் பார்த்து, "வந்துட்டியா அருளு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண் வீங்கியிருந்தது. அருள்மொழிக்கும் அழுகை வந்தது, அது உண்மையான அழுகை.

அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தாயை மண்ணுக்குக் கொடுத்தவர் லேப் வேலையைப் பற்றியா நினைத்துக்கொண்டிருப்பார்? இது அருள்மொழிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் யூனிட்டில் மிஷினைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். வேலை போகிற பயத்தில் தெரிந்த விஷயம்கூட மறந்துபோகிறது.

சென்னையில் மார்க்கெட்டிங் வேலை பார்க்கும் அவளுடைய மாமா பையன் மணிகண்டன் லீவுக்கு வந்திருந்தான். அவள் போனை வாங்கி லிங்க்டுஇன்னைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒருத்தரையே நம்பிகினு இருந்தா எப்டி? ஒரு டூல் இருக்குது. ஒரே மெசேஜ், பேர் மட்டும் அதுவா மாத்திக்கும். உன் கனெக்‌ஷன்ல இருக்கிற முன்னூறு பேருக்கும் போயிடும். பத்து பேர் மாட்டினா போதாதா?"

"தெரியாதவங்கள்ட்ட போய் எப்டி மணி கேக்கறது?"

"தெரிஞ்ச மாதிரி கேளு. நம்மூர்ல எப்டி கேப்பாங்க? அதே மாதிரிதான்."

அவனே லேப்டாப்பில் தட்டினான். 'வணக்கம் அண்ணா! எப்படி இருக்கீங்க? வீட்டுல அம்மா சௌக்கியமா? உங்க பதிவு ஒண்ணு விடாம படிக்கிறேன். நாம எல்லாம் ஒரே மண்ணு. உங்க கம்பெனியில என்னை சிபாரிசு பண்ண முடியுமா? ஒரு பத்து நிமிஷம் போன்ல பேசலாமா?' பெண்களுக்கு அண்ணா போய் அக்கா வரும்படி பிரித்தும் வைத்தான். பையன் கெட்டிக்காரன்தான், இல்லையென்று யார் சொன்னது.

அருள்மொழி அதைப் படித்தாள். யாருடைய பதிவையும் அவள் படித்ததில்லை. யாருடைய அம்மாவையும் தெரியாது. மனசுக்குள் என்னவோ உறுத்தியது. ஆனாலும் அனுப்பும் பொத்தானை அழுத்தியது அவள் விரல்தான். மணிகண்டனை மட்டும் திட்டினால் அது நியாயமாகாது.

மறுநாள் மதியத்துக்குள் பதில்கள் வந்தன. புதுச்சேரியிலிருந்து ஒரு பெண், 'என் அம்மாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டிருந்தார். ஒருவர் அவளை பிளாக் செய்துவிட்டார். இன்னொருவர், அதே செய்தி தன் நண்பருக்கும் வந்ததாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதற்கும் கீழே ஆரோக்கியராஜின் பெயர் இருந்தது. முன்னூறு பேரில் அவரும் ஒருவர் என்பது அப்போதுதான் உறைத்தது.

'அம்மா சௌக்கியமா என்று கேட்டிருக்கிறாய் அருள். நீயும் மண் போட்டாயே' என்று எழுதியிருந்தார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த வரியை அவர் எங்கே நின்று படித்திருப்பார், படித்ததும் முகம் எப்படி மாறியிருக்கும் என்று நினைத்து நினைத்துக் குமைந்தாள். மாலைக்குள் லிங்க்டுஇன் தளமும் அவள் கணக்கை முடக்கிவிட்டது. தானியங்கிக் கருவி பயன்படுத்தியிருக்கிறாய், அடையாள அட்டையைக் காட்டு என்றது. மணிகண்டன், "இதெல்லாம் சகஜம், வேற ஐடி போட்டுக்கலாம்" என்றான். முதல் முறையாக அவனை, "எழுந்து போ" என்றாள்.

அவருடைய வாட்ஸ்அப் எண் இருந்தது. 'அண்ணா, அது நான் உங்களுக்கென்று எழுதியது இல்லை. கருவி வைத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அனுப்பியது நான்தான், தப்பு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்' என்று எழுதினாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அவர் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அவள் திரும்ப எழுதவும் இல்லை. அந்த மட்டும் அவளுக்குப் புத்தி இருந்தது.

யூனிட்டை மூடினார்கள். தூத்துக்குடி லேப் இடத்துக்கு வேறொரு பெண் சேர்ந்துவிட்டாள் என்று ஊரில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

சகாயமேரிக்கு முப்பதாம் நாள் பூசை வந்தது. கொளஞ்சியம்மாள் புதுச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கெளம்புடி. மேரி உன்ன இடுப்புல வெச்சிகினு வரப்புல நடந்தவ."

அருள்மொழிக்குப் போக வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த அம்மாவுக்காகவே, வேறு எதற்காகவும் இல்லை. ஆனால் இனி அவள் எந்த முகத்தோடு போய் நின்றாலும் அது வேலைக்காக வந்த முகமாகத்தானே தெரியும்? அழுதால், இதையும் எல்லோர் வீட்டிலும் போய் அழுவாளோ என்று அவருக்குத் தோன்றாதா?

"நீ போய்ட்டு வாம்மா" என்றாள்.

கொளஞ்சியம்மாள் திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அருள்மொழி துண்டை எடுத்து நீட்டினாள்.

"அண்ணன் பேசினாரா?"

"பேசாம? கைய புடிச்சிகினு அழுதான். உங்கப்பா முட்டி வலி எப்டி இருக்குதுன்னான். உன் தம்பிய கேட்டான். நம்ம ஆட்டக்கூட கேட்டான்டி."

"என்னைய கேட்டாரா?"

கொளஞ்சியம்மாள் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உன்ன கேக்கலியேம்மா" என்றாள்.