வகரத்துக்குப் பிறகு றகரம்

கிண்ணியாவிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, திருகோணமலை உட்துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் ஸெய்னுதீன் ஹாஜியாரின் அச்சகத்துக்குப் பதினாறு வருடமாக வேலைக்குப் போய் வருபவள் றுக்கியா. கலியாணக் கார்ட், பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள், நோன்பு நாட்காட்டி என்று வருகிற எல்லாவற்றையும் கணினியில் தமிழில் தட்டி, அச்சுக்குப் பக்கம் கட்டிக் கொடுப்பது அவள் வேலை. ஒற்று விட்டுப்போனால் வாசலில் செருப்பு இடம்மாறிக் கிடப்பதுபோல் அவள் கண்ணுக்குப் படும்.

நஸ்ரியா பள்ளிக்கூடத்தில் அவளுடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது ஆசிரியை, மேடையிலும் நன்றாகப் பேசுவாள். கிண்ணியா, மூதூர், நகரம் என்று வீடு வீடாகப் போய் முஸ்லிம் பெண்கள் பாடும் பாட்டுகளை ஏழு வருடமாகத் தேடி எழுதி வைத்திருந்தாள். நானூற்று முப்பத்தெட்டுப் பாட்டு. ஒன்பது கொப்பிகளையும் ஒரு சீலைப் பையில் கட்டிக்கொண்டு அவள் அச்சகத்துக்கு வந்த அன்று, றுக்கியா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"இதை உன்னைத் தவிர வேற ஆர்ட்டையும் குடுக்க மாட்டன் புள்ள" என்றாள் நஸ்ரியா. "நீ தட்டினா எனக்குப் பயமில்ல."

ஐந்து மாதம் அந்த வேலை நடந்தது. பின்னேரங்களில் நஸ்ரியா வந்து பக்கத்தில் இருப்பாள். ஒருத்தி வாசிக்க மற்றவள் சரிபார்ப்பாள்.

பாட்டுகளைத் தட்டி முடித்த பிறகு முதலடி அகராதி செய்ய வேண்டியிருந்தது. பெரும்பாலான பாட்டுகளுக்குத் தலைப்பே இல்லை. பாடுகிறவர்களுக்குத் தெரிந்தது முதலடிதான். ஆகவே எல்லா முதலடிகளையும் அகர வரிசையில் அடுக்கி, எதிரே பக்க எண்ணைப் போட்டுப் புத்தகத்தின் கடைசியில் வைப்பதென்று முடிவாயிற்று. றுக்கியா முதலடிகளை ஒரு அட்டவணையில் கொட்டி, வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினாள். ஒரு நொடியில் எல்லாம் அடுக்காய் வந்து நின்றது. நஸ்ரியா கைதட்டினாள்.

றுக்கியா கைதட்டவில்லை. திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "பிழை" என்றாள்.

"எங்க பிழை?"

"இங்க பார். 'ச' முடிஞ்ச கையோட 'ஜ' வந்து நிக்கிது. அது கடைசியிலதானே வரோணும். 'ர'வுக்குப் பின்னால 'ற' வந்திருக்கு. 'மனமே' எண்டு தொடங்கிற பாட்டு 'மறவேனோ'வுக்கு முன்னுக்கு நிக்கிது. நாங்க பள்ளிக்குடத்தில எப்பிடிப் படிச்ச நாங்க? ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. இதுக்கு அது தெரியாது."

கணினி தனக்குள்ளே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் வைத்திருக்கிறது. அந்த இலக்க வரிசையிலேயே அந்த மென்பொருள் அடுக்குகிறது. அதில் 'ந'வுக்கு அடுத்தது 'ன', 'ர'வுக்கு அடுத்தது 'ற'. 'ல', 'ள', 'ழ' எல்லாம் போன பிறகுதான் 'வ'. ஆய்த எழுத்தோ அகரத்துக்கும் முன்னால் நிற்கிறது. புள்ளி வைத்த எழுத்து தன் இனம் முழுவதற்கும் பின்னால் போய்விடுகிறது. அதனால் 'கண்ணான வாப்பா' என்ற பாட்டுக்கு முன்னால் 'கணக்கில்லாக் கருணை' வந்திருந்தது. அகராதியில் 'ண்' முதலில், 'ண' அதற்குப் பிறகு.

இரண்டு நாள் யோசித்து றுக்கியா ஒரு வழி கண்டாள். ஒவ்வோர் எழுத்துக்கும் நாலு இலக்கம் கொடுத்தாள். முதல் இரண்டு மெய்யெழுத்துக்கு, அடுத்த இரண்டு உயிருக்கு. வெறும் உயிரெழுத்துக்கு மெய்யின் இடத்தில் சைபர் இரண்டு. புள்ளி எழுத்துக்கு உயிரின் இடத்தில் சைபர் இரண்டு. 'அ' என்றால் 0001. 'ண்' 0600, 'ண' 0601. மெய் பதினெட்டும் முடிந்த பிறகு ஜ, ஷ, ஸ, ஹ. ஒவ்வொரு முதலடியின் முதல் ஐந்து எழுத்துக்கும் இப்படி இலக்கம் போட்டு அட்டவணையின் பக்கத்து நிரலில் எழுதினாள். அந்த நிரலை எண் என்று வைத்தால் முன்னுக்கு இருக்கும் சைபர்களைக் கணினி விழுங்கிவிடும். ஆகவே எழுத்து என்றே வைத்தாள். பிறகு அந்த நிரலைக் கொண்டு அடுக்கினாள். ஐந்து எழுத்தும் ஒன்றாய் இருந்த அடிகளைக் கண்ணால் பார்த்துக் கையால் மாற்றினாள்.

நஸ்ரியா பக்கத்தில் இருந்து இலக்கங்களை வாசித்தாள். "ற, பதினேழு சைபர் ஒண்டு. ஹ், இருபத்திரண்டு சைபர் சைபர்." 'றஹ்மானே என் தோணிக்குத் துடுப்பு நீயே' என்ற அடியை வாசித்துவிட்டு, "இது மூதூரில சித்தி பரீதா எண்டு ஒரு ராத்தா இருக்காவே, அவட உம்மா கட்டின பாட்டு" என்றாள். றஹ்மானும் றஸூலும் றமழானுமாக முப்பத்தொரு பாட்டு றகரத்தில் தொடங்கின. எல்லாம் வகரத்துக்குப் பின்னால் போய் ஒழுங்காய் அமர்ந்தன. அன்று இரண்டு பேரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டு அந்தப் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை சத்தமாய் வாசித்தார்கள்.

பிறகு நஸ்ரியா ஒரு நாள், அட்டை நன்றாக வர வேண்டும் என்பதால் அச்சைக் கொழும்பில் ஒரு நிலையத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். றுக்கியாவுக்கு அதில் மனக்குறை இல்லை. கோப்பைக் கொடுத்தனுப்பினாள்.

வெளியீட்டு விழா ஒரு சனிக்கிழமை காலை நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. றுக்கியா மூன்றாம் வரிசையில் இருந்தாள். புத்தகத்தின் முன்பக்கத்தில் 'தட்டச்சும் முதலடி அகராதியும்: றுக்கியா' என்று இருந்தது. அதை இரண்டு தடவை வாசித்தாள்.

மூதூரிலிருந்து வந்த பெண்களை ஒரு பாட்டுப் பாடும்படி கேட்டார்கள். சித்தி பரீதா எழும்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். ஐம்பத்தைந்து வயது, கணீரென்ற குரல். வகரத்தைக் கண்டாள். வகரம் முடிந்ததும் ஷகரம், ஸகரம், ஹகரம். விரலை மேலே கொண்டுபோய்த் திரும்பவும் கீழே இறக்கினாள்.

"ற எழுத்தே இதில இல்லையே" என்றாள். "எங்கட உம்மாட பாட்டை எடுத்திட்டுப் போனீங்க. போடாம விட்டிட்டீங்களா?"

றுக்கியா அவசரமாய்த் தன் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். ரகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவில் முப்பத்தொரு பாட்டும் நின்றன. சகரத்துக்குப் பின்னால் ஜகரம். 'கண்ணான வாப்பா'வுக்கு முன்னால் 'கணக்கில்லாக் கருணை.' பொத்தானை அழுத்திய முதல் நாள் திரையில் வந்த அதே வரிசை.

நஸ்ரியா ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்க ராத்தா. பாட்டு உள்ளுக்கு இருக்கு. டைப் பண்ணின இடத்தில வரிசை பிழைச்சுப் போச்சு. எல்லாத்தையும் நானே பார்க்க ஏலாதுதானே."

சனம் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தது. றுக்கியா நஸ்ரியாவைப் பார்த்தாள். நஸ்ரியா அடுத்த பேச்சாளரின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஹாஜியார் அவளைக் கூப்பிட்டார். "நீயா மகள் இதைச் செஞ்ச?" என்று கேட்டார். றுக்கியா தன் கோப்பைத் திறந்து காட்டினாள். அவர் மெல்ல வாசித்து, "எனக்கு விளங்குது" என்றார். "ஆனா ஊருக்குள்ள வாய்க்கு வாய் குடுக்காத. அவ டீச்சர்."

அவள் வாய் கொடுக்கவில்லை. கொழும்புக்கு ஃபோன் எடுத்தாள். அந்த நிலையத்தில் பக்கம் கட்டிய றம்ஸான் என்பவர் ஒளிக்காமல் சொன்னார். கடைசி நேரத்தில் பதினொரு பாட்டு புதிதாய் வந்ததாம். அவற்றின் முதலடிகளைப் பட்டியலின் அடியில் ஒட்டி, பொத்தானை அழுத்தி முழுவதையும் ஒரேயடியாய் அடுக்கினாராம்.

"எனக்கு இந்த வரிசை விசயம் அவ்வளவு தெரியாது தங்கச்சி. ஆனா டீச்சருக்கு புரூஃப் அனுப்பினன். அவங்களே எடுத்துச் சொன்னாங்க, 'ற' இடம் மாறியிருக்கு, இது பழைய பிழை எண்டு. திருத்த நாலு நாள் வேணும் எண்டேன். விழாத் திகதி குடுத்தாச்சு, அப்பிடியே அடிங்க, ஆரு பார்க்கப் போறாங்க எண்டாங்க."

றுக்கியா ஃபோனை வைத்தாள். பிழை நடந்ததை அவள் மன்னித்துவிடலாம். தெரியாமல் நடந்திருந்தால் அதைக் கேட்கவும் போயிருக்க மாட்டாள். 'ற, பதினேழு சைபர் ஒண்டு' என்று பக்கத்தில் இருந்து வாசித்த வாய் அது. அதுதான் அவளுக்கு நெஞ்சில் நின்றது.

அன்று பின்னேரமே நஸ்ரியாவின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த நஸ்ரியாவின் முகம் மாறியது.

"உனக்குத் தெரியும்" என்றாள் றுக்கியா.

"இரன் புள்ள, தேத்தண்ணி…"

"வேணாம். தெரிஞ்சுதானே அடிக்கச் சொன்ன நீ?"

"அத்தனை பேருக்கு முன்னால நான் என்ன சொல்லுற? ஏழு வருசப் பாடு. என்ட பேர் நாறும். உன்னை ஆருக்குத் தெரியும் சொல்லு? நாளைக்கு மறந்திடுவாங்க."

றுக்கியா அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை. வீதிக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

ஒரு கிழமையில் புதிய பாட்டு பதினொன்றுக்கும் இலக்கம் போட்டுச் சேர்த்து, பன்னிரண்டு பக்கத்தில் சரியான அகராதியை அச்சடித்தாள். ஹாஜியாரே தாளை எடுத்துக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை மூதூருக்கு பஸ் ஏறினாள்.

சித்தி பரீதா முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆளை அடையாளம் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டாள். றுக்கியா தாளை நீட்டினாள். பரீதா கையைத் துடைத்து வாங்கி, வகரத்தைப் பிடித்து அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். உம்மாவின் பாட்டு அங்கே இருந்தது.

"இப்பிடித்தான் நீ முதல்லயும் செஞ்சதா?"

"ஓம் ராத்தா."

"அப்ப மண்டபத்தில எழும்பி ஏன் சொல்லயில்ல?"

"அவ என்னைப் பார்ப்பா எண்டு காத்திருந்தனான். பார்க்கல்ல."

பரீதா அவளை உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டாள். அன்றிலிருந்து மூதூர்ப் பெண்கள் தங்கள் புத்தகங்களுக்குள் அந்தத் தாளைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்கு முன் நஸ்ரியாவிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: 'அந்த இலக்கப் பட்டியலை அனுப்பு புள்ள. இந்த முறை சரியாப் போடுவம்.' பாட்டுக்காரிகளை நினைத்து றுக்கியா அனுப்பினாள். ஒன்று மட்டும் கேட்டாள்: முதற்பதிப்பின் வரிசைப் பிழை தன்னுடையதல்ல என்று முன்னுரையில் ஒரு வரி. நஸ்ரியா பதில் போடவில்லை.

புத்தகம் வந்தபோது அகராதி ஒற்றுப் பிசகாமல் இருந்தது. றகரம் வகரத்துக்குப் பிறகு. முன்னுரையில், 'முதற்பதிப்பில் தட்டச்சில் நேர்ந்த வரிசைப் பிழையைச் சீர்செய்து தந்த கொழும்பு நிலையத்தாருக்கு நன்றி' என்று எழுதியிருந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

றுக்கியா அதை ஹாஜியாரிடம் காட்டவில்லை. அலுமாரியில் வைத்துவிட்டு, காத்துக் கிடந்த கலியாணக் கார்ட்டைத் தட்டத் தொடங்கினாள்.

போன மாதம் காலை பஸ்ஸில் நஸ்ரியா ஏறினாள். நெரிசல். ஒரேயொரு இருக்கை இருந்தது. அது றுக்கியாவின் பக்கத்தில், அதில் அவளுடைய பை இருந்தது. நஸ்ரியா வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிண்ணியாப் பாலம் தாண்டும்போதும் நின்றுகொண்டே இருந்தாள். றுக்கியா வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை எடுக்கவில்லை.