ரெண்டு கட்டைக்கு அங்கால

என் தம்பி இங்கிலாந்தில் இருந்து வந்த மூன்றாம் நாளே வாடகைக்கு ஒரு கார் எடுத்தான். டிரைவரோடு எடு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருடம் அங்கே கார் ஓடுகிறானாம், இங்கேயும் இடது பக்கம்தானாம், வலது ஆசனத்தில்தான் உட்கார வேண்டுமாம், பிறகென்ன பயம் என்றான். பயம் எனக்குத்தான், அவனுக்கில்லை.

இறக்காமத்தில் என் மகளின் மாமியார் சுகமில்லாமல் இருந்தார். மகளுக்கு ஏழாம் மாதம். முதலில் தங்கிய கரு நிற்கவில்லை. இரண்டாவதற்கு டாக்டர் பயணத்தை முழுதாகத் தடுக்கவில்லை, குலுங்காமல் போய் வாருங்கள் என்றார். மாமியாரைப் பார்த்துவிட்டு மஃரிப் தொழுகைக்கு முன், இருட்டுவதற்குள், கல்முனைக்குத் திரும்புவது என்று ஏற்பாடு. மகளைப் பின்னால் இருத்தி, ஆசனப் பட்டியை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டு, பக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன்.

பயணம் தொடங்கியதில் இருந்தே என் நெஞ்சு ஒரு நிலையில் இல்லை. நிந்தவூர் கடைத்தெருவில் ஆட்டோவும் சைக்கிளும் மாடும் ஒன்றாகப் போகிற நேரத்தில் இவன் பறந்தான். எட்டிப் பார்த்தால் வேகம் காட்டும் முள் எண்பதில் நிற்கிறது. மெதுவாகப் போ என்று பின்னால் இருந்து அவன் தோளில் தட்டினேன். அவனோ, நான் சட்டப்படிதான் போகிறேன் என்கிறான்.

"போர்ட்டுல அம்பது போட்டிருக்கு ராத்தா. இந்தக் காரு மீட்டர் கிலோமீட்டர்ல காட்டுது. அம்பது மைல் எண்டா எண்பது கிலோமீட்டர். சரியா எண்பதுலதான் ஓடுறன்."

எனக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. அவன் ஊரில் வேகப் பலகை எல்லாம் மைல் கணக்காம். அதே சிவப்பு வளையம், அதே கறுப்பு இலக்கம். அதைக் கண்டதும் இவன் ஒன்று தசம் ஆறால் பெருக்கிவிடுகிறான். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பெருக்கவே தேவையில்லாத இடத்தில் பெருக்கியதுதான் பிழை. இங்கே பலகையும் கிலோமீட்டர், மீட்டரும் கிலோமீட்டர், பார்த்ததைப் பார்த்தபடி ஓடு, உன் படிப்பை வீட்டில் வைத்துவிட்டு வா என்று ஏசினேன். அவன் முகம் வெளுத்துப் போனது. கல்முனையில் இருந்து அதுவரை ஒவ்வொரு பலகையையும் அப்படித்தான் கடந்து வந்திருக்கிறான்.

அதன் பிறகு தம்பி திருந்தினான், அளவுக்கு மேலேயே திருந்தினான். ஐம்பது என்றால் நாற்பத்தைந்தில் போனான். வீதியோரக் கல் ஒவ்வொன்றையும் சத்தம் போட்டு வாசித்து, எல்லாம் கிலோமீட்டர், எல்லாம் கிலோமீட்டர் என்று ஓதிக்கொண்டே வந்தான். வயல் தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகையில் யானைப் படம் இருந்தது. அவனுடைய ஊரில் மான் படம்தான் போடுவார்களாம். இறங்கிப் படம் பிடித்துக்கொண்டான். மகளும் நானும் சிரித்தோம்.

திரும்பும்போது வெயில் இறங்கிவிட்டது. மாமியார் விடவில்லை, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம். இறக்காமத்தைத் தாண்டி வயல்வெளிக்கு வந்ததும், சைக்கிளில் எதிரே வந்த ஒரு வயல்காரர் கையைக் காட்டி மறித்தார். வயதானவர், பின் கரியரில் மண்வெட்டி கட்டியிருந்தது. கண்ணாடியை இறக்கினோம்.

"ஆனை நிக்குது மனே. ரெண்டு கட்டைக்கு அங்கால, வளைவுல. கிட்டப் போகுமட்டும் தெரியா. எட்ட நிண்டுக்குங்க, அது தானா குளத்துக்கு இறங்கிரும். ஹோன் மட்டும் அடிச்சிராதீங்க."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மகளுக்கு இடுப்பு வலித்தது, எப்படியாவது வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றாள். நான் அவள் முதுகுக்குத் தலையணை வைப்பதில் இருந்தேன். முன்னால் தம்பி, கட்டை என்றால் இந்தக் கல்தானே, இப்போது எல்லாம் கிலோமீட்டர், ஆக இரண்டு கிலோமீட்டர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தூரம் காட்டும் இலக்கத்தைச் சைபருக்குக் கொண்டுவந்தான். என் காதில் அது விழுந்தது, மனதில் ஏறவில்லை.

மாட்டு வண்டி போலப் போனோம். ஒன்று தசம் ஐந்து என்று வாசித்தான். இரண்டு என்று வாசித்தான். ஒரு வளைவு வந்தது, யானை இல்லை. இரு பக்கமும் வரம்பும் தண்ணீரும்தான். இரண்டரை ஆனதும் பெருமூச்சு விட்டான், ஆள் குளத்துக்கு இறங்கிவிட்டார் என்று சிரித்தான். ஐம்பதுக்கு ஏற்றினான். காரும் இலேசாக ஓடியது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. கட்டை. எங்கள் வாயில் கட்டை என்றால் என்ன? சந்தை அரைக் கட்டை, பள்ளிவாசல் கால் கட்டை என்று நானே தினம் சொல்கிறேன். ஒரு நாளும் கிலோமீட்டரை நினைத்துச் சொன்னதில்லை. அரசாங்கம் கல்லைக் கிலோமீட்டருக்கு மாற்றி எவ்வளவோ காலம். எங்கள் வாயை யாரும் மாற்றவில்லை. அந்த மனிதர் சொன்னது மைல்.

"நிப்பாட்டு. கட்டை எண்டா மைல். நிப்பாட்டுடா."

அவன் கண் தூரம் காட்டும் இலக்கத்துக்குப் போனது. ரெண்டு மைல், மூணு தசம் ரெண்டு என்றான். இலக்கம் மூன்றைத் தாண்டிவிட்டிருந்தது. முன்னால் வளைவு தொடங்கிவிட்டது. பிரேக்கை மிதித்தான். டயர் கத்தியது. பட்டி மகளை இறுக்கிப் பிடித்தது, அவள் வாயில் இருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

நின்றோம். வீதி நடுவில், ஒரு பஸ்ஸின் நீளம்கூட இடைவெளி இல்லாமல், யானை நின்றது. தும்பிக்கையில் நெல் பயிர்க் கட்டு. தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. தம்பி விளக்கை அணைத்தான். பின்னால் எடுக்கவும் பயம், நிற்கவும் பயம். நான் உதட்டுக்குள் கலிமாச் சொன்னேன்.

மகள் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். "உம்மா, அசையுதில்ல" என்றாள், மூச்சுக்கும் கேட்காத குரலில். வயிறு கல்லாக இருந்தது. யானையை மறந்துவிட்டேன். முன்னால் நிற்பது மலையாக இருந்தாலும் எனக்கென்ன? என் உள்ளங்கைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வழியில் யானை நிற்கிறது, சத்தம் போடவும் கூடாது. அல்லாஹ்வே, இதையும் எடுத்துவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. யானை காதை அடித்தது, ஒரு காலை எடுத்து வைத்தது, மறு காலை எடுத்து வைத்தது. அவசரமே இல்லாமல் வரம்பில் இறங்கிப் போனது. தண்ணீர் சலசலக்கும் சத்தம் தூரத்தில் போய்ச் சேர்ந்த பிறகும் தம்பி காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, எத்தனை மைல், எத்தனை கிலோமீட்டர் என்று பைத்தியக்காரன் மாதிரி முணுமுணுத்தான்.

கதைக்காதே என்று அவனை அதட்டினேன். என் கைக்குக் கீழே, இடது பக்கமாக, ஒரு தட்டு. பிறகு இன்னொன்று, கொஞ்சம் கோபமாக.

மகள் என்னைப் பார்த்தாள். "உதைக்குது" என்றேன், முன்னால் இருந்தவனுக்கும் கேட்கட்டும் என்று. தம்பி ஸ்டியரிங்கில் இருந்து தலையைத் தூக்காமலே, குரல் விட்டு அழத் தொடங்கினான்.