கல்யாண லிஸ்ட்டில் இருந்த சாவி

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை. மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று முறை மேசையைத் துடைக்கிறேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். சம்பளமில்லாமல் இன்னொரு படிப்பும் அங்கே நடக்கிறது. செத்துப்போன லேப்டாப்பைப் பற்றி ஜனங்கள் சொல்வதைக் கேட்பது. "மூச்சு கீது, பேச்சு இல்ல" என்று ஒருவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்பதை அதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்?

அந்த அக்கா ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்தார். பிறந்தது பூந்தமல்லியில். வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம், பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய மூட்டை கட்டும்போது அவருடைய லேப்டாப்பைப் போட்டுப் பார்த்திருக்கிறார், உயிரே இல்லை. உள்ளே இருப்பது அவர் குரல் என்றார். வடக்கே வேறொரு தொழிற்சாலைக்கு அவரை இரண்டு வருடம் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் பேசிப் பதிந்து அக்காவுக்கு அனுப்புவாராம். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு இரண்டு பேர் போனையும் சுத்தம் செய்துவிட்டார்.

"எங்கூட்டாண்ட எவனும் என்ன அப்டி கூப்ட மாட்டான் தம்பி. 'ஏளா'ன்னுவாரு, அவுங்க ஊருல பொண்டாட்டிய அப்டிதான் கூப்டுவாங்களாம். கண்ணாலம் ஆன புதுசுல, இன்னாடா இது, மாட்ட ஓட்ற மாதிரி கூப்டறாரேன்னு மூஞ்சிய தூக்கிகினு இருந்தேன்."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

மதர்போர்டு போயிருந்தது. அதே மாடலில் வேறு போர்டு கிடைத்தது, பழையதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி மாட்டினேன். வழக்கமாகச் செய்வதுதான். ஆன் செய்தால் நீலத் திரை. டிரைவ் பூட்டியிருக்கிறது, நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்று கேட்டது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் லேப்டாப் திருடு போன சமயம், அக்காவின் வீட்டுக்காரர், அந்த அண்ணன், தன் டிரைவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். அந்தப் பூட்டைத் தினமும் தானாகத் திறந்துவிட்டது பழைய போர்டில் இருந்த ஒரு சிப். போர்டு மாறியதும் டிரைவுக்கு நான் அந்நியன். பழைய போர்டைச் சரி செய்து பார்க்கலாம் என்றால் அதை நானே கொடுத்துவிட்டேன். போர்டு தந்த கடைக்காரருக்குப் போன் செய்தேன், உடைசல் சாமான்களோடு போய்விட்டதாம். சாவி இருக்கிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். இதை உடைத்துத் திறக்க வழியில்லை, திறந்து தருகிறேன் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள் என்றும் சொன்னேன். சில பேருக்கு அந்த எண் இணையக் கணக்கில் சேமித்திருக்கும். அண்ணனின் கணக்கில் நுழையப் பார்த்தால் அவருடைய போன் நம்பருக்கு ஓடிபி போகிறது. அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. அந்தக் கதவும் மூடியது.

அந்த எண்தான் சாவி என்று நான் சொன்னதை அக்கா பிடித்துக்கொண்டார். "'சாவி கல்யாண லிஸ்ட்டுல இருக்குளா'ன்னு ஒரு தபா சொன்னாரு. பீரோ சாவியாக்கும்னு அந்த நோட்ட ஒதறி ஒதறி பாத்தேன். ஒண்ணியும் உழல."

நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் வந்தது. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவர்களின் முகவரிகள், பக்கம் பக்கமாக. நாற்பத்தெட்டு இலக்கம் ஒரே வரிசையாக எங்கும் இல்லை. மூன்று முறை புரட்டிவிட்டு மூடப் போனேன். கடைசிப் பக்கத்தில் நெல்லைச் சொந்தங்கள், சரியாக எட்டு முகவரி. அதில் ஒன்றில் கண் நின்றது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பின்கோடு 049621.

நம் நாட்டில் எந்தப் பின்கோடும் பூஜ்யத்தில் தொடங்காது. நெல்லைக்காரருக்குத் தன் ஊர்ப் பின்கோடு 627 என்று தொடங்குவது தெரியாமல் இருக்குமா? மீட்பு எண்ணும் ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிதான். பின்கோடும் ஆறு இலக்கம். அந்த எட்டு வீட்டுக்கும் அவரே ஊருக்குப் போய்க் கையில் பத்திரிகை கொடுத்ததாக அக்கா சொன்னார். தபாலில் போகாத பத்திரிகைக்குப் பின்கோடு எதற்கு?

மீட்பு எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு தொகுதியும் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். கால்குலேட்டரை எடுத்தேன். 049621 வகுபட்டது. அடுத்தது வகுபட்டது. ஏழு வகுபட்டன. பாளையங்கோட்டை நாத்தனார் வீடு மட்டும் வகுபடவில்லை: 627002. அது நிஜமான பின்கோடு. எண்ணுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒயிட்னர்.

யார் திருத்தியது என்று கேட்டேன்.

"நாந்தான். கல்யாண ஆல்பம் அனுப்ப சொல்லோ பாத்தேன். இன்னாடா, தன் சொந்த அக்கா ஊட்டு பின்கோடே தப்பா எழுதிகீறாரேன்னு..." அண்ணனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்றிருந்தாராம், மறந்துவிட்டாராம்.

ஒயிட்னரைச் சுரண்டினால் காகிதமும் சேர்ந்து வரும். தாளைத் திருப்பினேன். தொழிற்சாலையில் கார்பன் வைத்து எழுதிப் பழகிய கை, அழுத்தி எழுதியிருந்தார். பின்பக்கம் விரலில் தட்டுப்பட்டது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, படம் எடுத்து இடவலம் மாற்றினேன். அக்கா எழுதியதும் அவர் எழுதியதும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. மேலே இருந்த 627002-வை மனசுக்குள் கழித்துக் கழித்துப் படித்தேன். 3, 1, பிறகு ஏதோ ஒன்று, 4, 0, 6. மூன்றாவது இலக்கம் மூன்றா எட்டா, தெரியவில்லை. மூன்று என்று வைத்தால் வகுபடவில்லை. எட்டு என்று வைத்தேன். 318406. மீதியில்லை.

லிஸ்ட்டின் வரிசையிலேயே எட்டையும் அடித்தேன். அக்கா ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிப் படித்தார், நான் அந்த வீட்டு எண்ணைப் போட்டேன். சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, நாத்தனார் வீடு. எட்டாவது வீடு முடிந்து எண்டர் தட்டினேன். நீலம் போனது. அண்ணனின் பாஸ்வேர்டு மகளுடைய செல்லப் பெயர், அது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. திரையில் மகளின் கல்யாணப் படம் வந்தது.

முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறொரு டிரைவில் படியெடுத்தேன். 'ஞாயிறு' என்றொரு ஃபோல்டர் இருந்தது. முதல் பதிவைத் திறந்து சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டேன். ஆனாலும் காதில் விழுந்தது.

"ஏளா, சாப்ட்டியா? இங்கன ஒரே குளிரு, பாத்துக்க."

"சாப்ட்டேன்யா," என்றார் அக்கா.

பிறகு எத்தனையோ கேள்வி வந்திருக்கும். அக்கா பதிவை அதோடு நிறுத்திவிட்டார்.

மீட்பு எண்ணை இரண்டு தாளில் எழுதித் தருகிறேன், வேறு வேறு இடத்தில் வையுங்கள் என்றேன். வெறும் எண்ணாக வேண்டாம், அவர் எழுதிய மாதிரியே வீட்டு முகவரியோடு எழுது என்றார். எழுதினேன். பாளையங்கோட்டைக்கு 318406 போடும்போது மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது, வீட்டுக்குப் போய் மீதியையும் நிம்மதியாகக் கேளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான்.

"எல்லாத்தையும் இன்னிக்கே கேட்டுட்டா," என்றார், "அப்பால ஞாயித்துக்கெழம இன்னா பண்றது?"