குங்குமக் கட்டம்

நான் பத்தாவது பெயில். இணையப் பக்கம் எழுதக் கற்றது மாமல்லபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். அங்கே மிஷின் துடைக்கிற வேலை. ஆள் இல்லாத நேரத்தில் அடுத்தவன் பக்கத்தின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்ப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. அப்புறம் செங்கல்பட்டில் இணையதளம் செய்கிற ஒரு சின்னக் கடையில் சேர்ந்தேன். என்னோடு ஒரு டிசைனர். சென்னையில் படித்தவன். கை வேலை சுத்தம். அவன் வரைந்தால் அழகாக இருக்கும்.

கோவளம் தாண்டி ஈசிஆர் ஓரத்தில் ஒரு ரிசார்ட். அவர்களுக்கு ரூம் புக்கிங் பக்கம் நாங்கள் செய்து கொடுத்தோம். ரிசப்ஷனில் உட்கார்ந்து போனில் வரும் புக்கிங்கை ஏற்றுவது ஒரு அக்கா. பஸ் விபத்தில் வலது கை மணிக்கட்டு போய்விட்டது. விரல் மடங்காது. மவுஸ் பிடிக்க வராது. எல்லாம் கீபோர்டுதான். டேப் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு இடமாகத் தாவிப் போவார். பழைய புரோகிராமில் அப்படித்தான் எட்டு வருஷம் ஓட்டினார்.

எங்கள் பக்கம் அங்கே ஓட ஆரம்பித்த மூன்றாம் நாள் போன் வந்தது. அணுபுரத்துக் குடும்பம் ஒன்று கல்யாணத்துக்கு ஆறு ரூம் போட்டிருந்தது. அக்கா அதில் ஒரு பேரைத் திருத்தி சேமிக்கப் போனார். மொத்தமும் ரத்தாகிவிட்டது.

ரிசார்ட் முதலாளி போனில் கத்தினார். "அந்தம்மாவுக்குப் புது மிஷின் ஒத்து வரல. திங்கக்கிழமைலேர்ந்து துணி ரூம்ல டவல் எண்ணட்டும். மவுஸ் புடிக்கிற ஆளப் போட்டுக்கிறேன்."

ரிசார்ட்டுக்கு பஸ் ஏறிப் போனேன்.

அக்கா என்னைப் பார்த்து ஒன்றும் குறை சொல்லவில்லை. "நீயே பாரு தம்பி" என்று டேப் தட்டினார். திரையில் ஒன்றும் அசையவில்லை. மறுபடி தட்டினார். அப்பவும் இல்லை.

"இப்ப நான் எங்க கீறேன், சொல்லு?"

எனக்கும் தெரியவில்லை.

திரையில் அமுக்குவதற்குப் பச்சையில் மூன்று கட்டை, வரிசையாக. சேமி, ரூம் பட்டியல், ரத்து. மூன்றும் ஒரே அச்சு. அது முதலாளி கேட்டது. ஆனால் டிசைனர் மூன்றையும் லிங்க்காகவே எழுதியிருந்தான். டேப் தட்டினால் எதன் மேல் நிற்கிறோம் என்று பிரவுசர் ஒரு புள்ளிக் கோடு போட்டுக் காட்டும். க்ளிக் பண்ணினால்கூட அது நிற்கும், அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதி அதை எடுத்துவிட்டான்.

அக்கா பழைய பழக்கத்தில் சேமி என்று நினைத்து ஸ்பேஸ் தட்டியிருக்கிறார். லிங்க்குக்கு ஸ்பேஸ் வேலை செய்யாது. பக்கம் கீழே இறங்கியது. மேலே ஏற்றிவிட்டு, டேப் தட்டி, குத்துமதிப்பாக என்டர் அடித்தார். நின்றது ரத்து மேல்.

கடைக்கு வந்து சொன்னேன்.

"லிங்க் இன்னா, பட்டன் இன்னா மச்சான்? பாக்க ஒண்ணுதானே" என்றான் டிசைனர்.

"பாக்க ஒண்ணு. வேற பக்கத்துக்குப் போனா லிங்க். அங்கயே ஒரு வேலை நடந்தா பட்டன். சேமியும் ரத்தும் வேலை. பட்டியல் மட்டும் வேற பக்கம்."

"பட்டன் போட்டா சாம்பல் கலர்ல புடைச்சுகினு நிக்கும். என் டிசைன் நாஸ்தி."

"நிக்காது. உன் கண்ணுக்கே தெரியாம பண்றேன்."

சொல்லிவிட்டேன். செய்யணுமே. நிறம், ஓரம், உள் இடைவெளி எல்லாம் இரண்டுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் எழுதினேன். பட்டன் தனக்கென்று ஒரு எழுத்து வடிவம் வைத்துக்கொள்ளும். அதை லிங்க்கின் எழுத்து வடிவத்துக்கு மாற்றினேன். அப்பவும் பயர்பாக்ஸ் பிரவுசரில் பட்டன் கொஞ்சம் தடியாக இருந்தது. அரை நாள் மண்டை காய்ந்தது. பட்டனுக்குள்ளே பயர்பாக்ஸ் தானாக ஒரு ஒளிந்த இடைவெளி வைத்திருக்கிறது. எடுத்தேன். வரி உயரத்தில் மட்டும் நாம் சொல்வதைப் பட்டன் கேட்கவில்லை. கேட்காதவனை விட்டேன். லிங்க்கை அவன் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சமம்.

டிசைனரைக் கூப்பிட்டேன். "எது லிங்க்?"

உற்றுப் பார்த்தான். "முதல்லது." தப்பு. "கடைசி." தப்பு.

அந்தப் புள்ளிக் கோட்டுக்குப் பதில் கறுப்பில் தடியாக ஒரு கட்டம் கொடுத்தேன். டேப் தட்டினால் அந்தக் கட்டைக்கு மட்டும், கொஞ்சம் விலகி, சுற்றி வரும். சனிக்கிழமை காலை எடுத்துப் போனேன். அக்கா தட்டினார். கட்டம் ஒவ்வொன்றாகத் தாவியது. அக்கா சிரித்தார்.

முதலாளி வந்து மவுஸால் சேமியை அமுக்கினார். கறுப்புக் கட்டம் நின்றது. பின்னால் நகர்ந்தார்.

"இன்னாய்யா இது? கருமாதி பத்திரிகை மாதிரி கீது! கல்யாணப் பார்ட்டி வந்து பாத்தா எழுந்து பூடுவான். எடு அத."

டிசைனரும் கூட வந்திருந்தான். "நான் அப்பவே சொன்னேன் சார்" என்றான்.

எடுத்தால் அக்கா துணி ரூமுக்குப் போகணும். அவ்வளவுதான் கணக்கு.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சள் தடவலாமா சார்?" என்று கேட்டேன்.

முதலாளி யோசித்தார். "மஞ்சள்னா சரி."

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். அக்கா தட்டினார். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். "எங்க கீது தம்பி?" வெள்ளைப் பக்கத்தில் மஞ்சள் தெரியவே இல்லை. நல்ல நிறம், வேலைக்கு ஆகாது.

"மஞ்சளோட இன்னா வெப்போம்?" என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல்.

குங்குமம். கருஞ்சிவப்பு. வெள்ளையில் பளிச்சென்று நின்றது. பச்சைக் கட்டையைச் சுற்றி நடுவில் கொஞ்சம் வெள்ளை விட்டிருந்ததால் பச்சையோடும் கலக்கவில்லை. முதலாளி இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். "ம். இது மங்களமா கீது. ஆனா இந்தம்மா வேகம் பத்தாதே."

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான். "போட்டி வெச்சுப் பாருங்க சார். இந்தத் தம்பி மவுஸ்ல போடட்டும். நான் இதுல போடுறேன்" என்று டிசைனரைக் காட்டினார்.

ரிசப்ஷனில் இரண்டு மிஷின். நோட்டிலிருந்து இரண்டு பேருக்கும் அதே பத்து பழைய புக்கிங். முதலாளி கையைத் தட்டினார்.

டிசைனர் கை கீபோர்டுக்கும் மவுஸுக்கும் போய்ப் போய் வந்தது. அக்கா கை நகரவே இல்லை. இடது கையும் வலது ஆள்காட்டி விரலும் மட்டும். பேர், டேப், தேதி, டேப், ரூம், டேப். குங்குமக் கட்டம் சேமியில் வந்து நிற்கும். ஸ்பேஸ். அடுத்தது. ரூம் கொடுக்கிற பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "அக்கா, மெதுவா, கீபோர்டு புகையுது" என்றான் ஒருவன்.

அக்கா பத்தாவதை முடித்துவிட்டுத் தண்ணி குடித்தார். டிசைனர் ஏழாவதில் இருந்தான்.

முதலாளி இரண்டு பேருடையதையும் சரிபார்த்தார். டிசைனருடையதில் ஒரு தேதி தப்பு. அக்காவுடையதில் ஒன்றும் இல்லை. முதலாளி கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். அப்புறம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "துணி ரூமுக்கு வேற ஆளப் பாருய்யா!"

பையன்கள் விசில் அடித்தார்கள். அக்கா விசிலைக் கவனிக்கவில்லை. அணுபுரத்துக் குடும்பத்தின் ஆறு ரூமையும் எடுத்து, தானே திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் டிசைனர் என் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கும் சேர்த்து அவனே டிக்கெட் எடுத்தான்.

மறுவாரம் கடையில் எல்லாப் பக்கத்துக்கும் அடிப்படையாக வைத்திருக்கிற பைலை அவன் திறந்தான். புள்ளிக் கோட்டை எடுக்கிற அந்த வரியைத் தேடி அழித்தான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். உள்ளுக்குள் எனக்குத் திருவிழா.