மாலை கழற்றிய மறுநாள்

என் கணவர் வருடத்தில் ஒன்றரை மாதம்தான் ஒழுங்காக இருப்பார். கோபத்தில் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். கார்த்திகை பிறந்து மலைக்கு மாலை போட்டுவிட்டால் விடியுமுன் குளியல், வேளைக்குச் சாப்பாடு, பஜனை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து படுக்கை. குடி கிடையாது. வலிப்புக்கான மாத்திரையும் காலையும் இரவும் தவறாமல் உள்ளே போய்விடும். அந்த நாட்களில் அவருக்கு ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை.

கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் டயர் கடை. பக்கத்திலேயே ஒரு தடுப்பு வைத்து நான் ஜாக்கெட் தைக்கிறேன். அவர் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் ஸ்கூட்டரை நான்தான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்கார்ந்து வருவார். "ஓனரு வர்றாரு, டிரைவரம்மா வழி வுடுங்க" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். காரணம் யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் மறைக்காமல் சொன்னவர் அவர். அதில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனால் நான் மருமகளாக வந்த முதல் வாரமே என் மாமியார் என்னை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்: "வெளிய மூச்சு வுடாத. தெரிஞ்சிதுன்னா எவன் நம்ம கடையில லாரிய நிறுத்துவான்?"

சிக்கல் மாலையைக் கழற்றும் நாளில் ஆரம்பிக்கும். மலைக்குப் போகிற வேன் வழியில் இருக்கும் கோயில்களையெல்லாம் சுற்றிக்கொண்டு திரும்பும். போகும்போதும் தூக்கமில்லை, வரும்போதும் தூக்கமில்லை. ஊர் வந்து சாமி கும்பிட்டு மாலையைக் கழற்றினால், அன்று சாயங்காலமே மொத்தக் கூட்டமும் டாஸ்மாக் கடையைப் பார்த்து நடக்கும். விரதம் இருந்த நாட்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் கணக்குத் தீர்ப்பார்கள். நேற்றுவரை ஒருவரையொருவர் சாமி என்று கூப்பிட்டவர்கள், மறுபடி மச்சான் ஆகிவிடுவார்கள்.

போன தை மாதத்துக்குச் சில நாட்கள் முன்பு அப்படித்தான் ஆனது. குடித்துவிட்டு வந்து படுத்தார். காலையில் கொல்லைப்புறத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் ஒரு சத்தம் போட்டார். நான் ஓடுவதற்குள் கீழே விழுந்து கை கால் வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மாமியார் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் அதை வாங்கி எறிந்தேன். தலைக்கு என் முந்தானையைச் சுருட்டி வைத்தேன், பக்கத்திலிருந்த வாளியை நகர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். நாக்கைக் கடித்திருந்தார். யார் எவர் என்று புரியாமல் என்னையே பார்த்தார். பிறகு மத்தியானம்வரை தூங்கினார். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, பித்தத்தில் தலை சுற்றி விழுந்துவிட்டான் என்று மாமியார் சொன்னார்.

அதற்கு முந்தைய வருடமும் மாலை கழற்றிய மறுநாள்தான் வந்தது. மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது. "சாமி குத்தம். வெரதத்துல எங்கயோ தப்பு பண்ணிக்கினு இருக்கான். வர்ற வருஷம் நடந்தே போவட்டும்" என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. விரதத்தில் இருக்கும்வரை நன்றாக வைத்திருந்த சாமி, முடிந்த மறுநாள் ஏன் தண்டிக்க வேண்டும் என்று கேட்டேன். கணவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்குப் போனேன். மாமியாரும் பின்னாலேயே பஸ்ஸில் வந்துவிட்டார்.

நரம்பு டாக்டர் சத்தம் போடாத மனிதர். எத்தனை ராத்திரி தூங்கவில்லை, எவ்வளவு குடித்தார் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "மாத்திர போட்டீங்களா?" என்றார்.

"இல்லங்க. சரக்கு போட்டா மாத்திர போடக்கூடாதுன்னாங்க. ரெண்டும் சேந்தா விஷமாயிடுமாமே? அதான் அன்னைக்கு ராத்திரி போடல, காலையிலயும் போடல" என்றார் என் கணவர். ஏதோ ஜாக்கிரதையாக நடந்துகொண்ட குரலில் சொன்னார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நிறுத்த வேண்டியத வுட்டுட்டு, நிறுத்தக்கூடாதத நிறுத்தியிருக்கீங்க" என்றார். சாராயம் உள்ளே இருக்கும்போது மூளையை அமுக்கி வைக்கும், அது இறங்க இறங்க மூளை அமுங்கியதற்கும் சேர்த்துத் துள்ளும், அதனால்தான் குடிக்கும்போது வராமல் மறுநாள் காலையில் வருகிறது என்று விளக்கினார். போதையில் படுப்பது நல்ல தூக்கமும் இல்லை. ஏற்கனவே வேனில் கெட்ட தூக்கம், அதோடு மாத்திரையும் இல்லை. மூன்றும் ஒரே காலையில் வந்து சேர்ந்திருக்கின்றன. குடியும் மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம் அதிகமாகும் என்பதும் உண்மைதான், அதனால் விட வேண்டியது குடியை, மாத்திரையை எந்த நாளும் நிறுத்தக்கூடாது என்றார். அடுத்த தடவை அது கொல்லைப்புறத்தில்தான் வரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது என்றும் சொன்னார். கடை வாசலில் லாரிகள் போகிற வேகம் எனக்குக் கண்முன் வந்தது.

வீடு திரும்பியதும் என் கணவர் பேசினார். "எனக்கு இன்னா குடிக்கணும்னு ஆசையா? கழுத்துல மாலை இருந்தா எவனும் கூப்புட மாட்டான். கழட்டுன நிமிஷம் வந்துடுவானுங்க. வேணாம்னா ஏன்னு கேப்பானுங்க. இன்னான்னு சொல்லுவேன்?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. காணும் பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் எப்படியும் கடைக்கு வரும். எனக்கு ஒரு யோசனை தோன்றியது, சுலபமான யோசனை. "மாலைய மறுபடி போட்டுக்கோங்க. ஏதோ வேண்டுதல்னு சொல்லிடலாம். வருஷம் பூரா கழுத்துல கெடக்கட்டும்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

மாமியார் பாத்திரத்தைப் பொத்தென்று வைத்தார். "குடிக்காம இருக்கறதுக்கு சாமிய சாக்கு வெப்பியா? வெரதம் இல்லாம மாலையா? ஒரு பொய்ய மறைக்க சாமி பேர்ல இன்னொரு பொய்யி. என் ஊட்ல அது நடக்காது."

"அப்ப என்னதான் பண்றது, சொல்லுங்க அத்தை" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் வீட்டில் சட்டியும் கரண்டியும்தான் பேசிக்கொண்டன.

காணும் பொங்கலன்று மத்தியானம் வேன் கூட்டம் கடைக்கு வந்தது. ஒருவர் கையில் பை. "வா மச்சான், ஜல்தி, மயிலம் பக்கம் தோப்பு ரெடி" என்று தோளில் கை போட்டார். என் கணவர் தடுப்புக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் தையல் மிஷினை நிறுத்தினேன். அவர் போய்விடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சாப்பாட்டுக் கேரியரோடு அப்போதுதான் மாமியார் வந்திருந்தார். அதைக் கீழே வைத்துவிட்டு நடுவில் போய் நின்றார்.

"அவனுக்கு வலிப்பு இருக்குதுடா. சின்ன வயசுலேந்து இருக்குது. குடிச்சா மறுநாள் வருது, தூங்கலன்னா வருது. இந்த ரோட்டோரத்துல வந்துச்சின்னா என் புள்ள எனக்கு கெடைக்க மாட்டான். இனிமே கூப்புடாதீங்க. கூப்புட்டா கால்ல வுழுந்து கேப்பேன்."

டயர் மாற்ற வந்திருந்த லாரி டிரைவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பை வைத்திருந்தவர், "அய்ய, இன்னா ஆயா, முன்னாடியே சொல்லக்கூடாதா" என்று முணுமுணுத்தார். அவர்கள் போனார்கள். லாரி டிரைவர் போகவில்லை. சக்கரம் கழற்றப்பட்டிருந்தது, அவரால் போகவும் முடியாது. மாமியார் கேரியரை எடுத்துக்கொண்டு என் தடுப்புக்குள் வந்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சிலர் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று லாரியை அனுப்பிவிட்டு, கையில் கிரீஸோடு என் கணவர் என்னிடம் வந்தார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்போ, நாளையிலேந்து ராத்திரி மாத்திரைய கடையிலயே எல்லார் முன்னாடியும் போட்டுக்கலாம் இல்ல? கக்கூசுக்குள்ள போயி தண்ணி இல்லாம முழுங்கறது பேஜாரா இருக்குது."