பட்டனுக்கு அடியில் போன எழுத்து

காக்கநாட்டில் எங்கள் விளம்பர ஆபீசில் திங்கட்கிழமை காலை எல்லோரும் பார்ப்பது ரெஞ்சினியின் முகத்தைத்தான். போனில் ஓடிய வீடியோ விளம்பரத்தை எத்தனை பேர் மூன்று விநாடி தாண்டிப் பார்த்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள், எத்தனை பேர் 'வாங்க' என்ற பட்டனைத் தொட்டார்கள் என்று படித்துத் தீர்ப்புச் சொல்வது அவள் வேலை. அவள் சொல்லித் தப்பிப்போனது என்று ஒன்று கிடையாது. அந்தத் திமிர் அவள் காபி கலக்குவதில்கூடத் தெரியும். பக்கத்து நாற்காலியில் போஸ்டர் செய்யும் நாகர்கோவில்காரனை, அதாவது என்னை, 'அண்ணாச்சி' என்பாள். அதிலும் பாதி மரியாதை, பாதி நக்கல்.

மூவாற்றுப்புழை ஆனியம்மாவின் புட்டுப்பொடி விளம்பரம் அவளிடம் வந்தது. பதினைந்து விநாடி வீடியோ. ஒரு பெண் புட்டுக்குழலைத் திறந்து, ஆவிக்கு நடுவில் நின்று, 'ஊற வைக்க வேண்டாம், தண்ணீர் தெளித்ததும் அவிக்கலாம்' என்று சொல்வாள். போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்க்கிறவனுக்கு அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் பேச்சைத் திரையில் எழுத்தாகவும், அதாவது கேப்ஷனாகவும் போட்டு ஒரு வீடியோ, போடாமல் ஒரு வீடியோ என்று இரண்டு செய்தார்கள். எழுத்து போட்டது ஷிஹாப். வீடியோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற மனிதர். மலையாளத்தில் ஒரு புள்ளி தப்பாமல், பேச்சு வரும் நொடியிலேயே எழுத்தும் வரும்படி அடிப்பார்.

சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டுக்கும் ஒரே பணம், ஒரே நாட்கள். பார்க்கிறவர்களைக் குலுக்கிப்போட்டுப் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது. முடிவு வந்தபோது இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஒரே அளவில் நின்றன.

"கேப்ஷன் போட்டாலும் ஒண்ணுதான், போடலன்னாலும் ஒண்ணுதான்" என்றாள் ரெஞ்சினி. "நம்ம ஆளுங்க சத்தம் வச்சுத்தான் பாக்குறாங்க. எதுக்கு வெட்டிச் செலவு?"

முதலாளி பிரமோத்துக்குச் செலவு குறைகிறது என்றால் தேன் குடித்த மாதிரி. அன்றே கேப்ஷன் வேலையை நிறுத்தினார்.

ஷிஹாப் அவள் மேஜைக்கு வந்தார். மகளே என்கிற மாதிரி அவளை 'மோளே' என்பார், அண்ணனே என்கிற மாதிரி அவள் அவரை 'இக்கா' என்பாள். "பஸ்ல யாரு மோளே சத்தம் வச்சுப் பாக்குறா? கொஞ்சம் யோசி."

"இக்கா, நீங்க பாக்குறது ஒரு பஸ்ஸு. நான் பாக்குறது லட்சம் பேரு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஷிஹாபும் சிரித்தார். பிறகு மேஜைமேல் இருந்த தன் ஹெட்போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, வைற்றிலையில் படகு ஏறினோம். மெட்ரோ படகு வந்த பிறகு நானும் அவளும் அதில்தான் ஆபீசுக்கு. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி போனில் விரலால் தள்ளிக்கொண்டே வந்தாள், சத்தமில்லாமல். நம் புட்டுக்காரி வந்தாள். சோதனைக்குப் போட்ட அந்த கேப்ஷன் வீடியோதான், இன்னும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. ரெஞ்சினி பெருமையாக எட்டிப் பார்த்தாள்.

திரையின் அடிப்பக்கத்தில் ஆனியம்மாவின் கம்பெனிப் பெயர், அதற்குக் கீழே பொடியைப் பற்றி இரண்டு வரி, அதற்கும் கீழே 'வாங்க' பட்டன். போன் செயலி தானாகவே போடுகிற இந்தச் சாமான்களுக்கு அடியில் ஷிஹாபின் எழுத்து புதைந்து கிடந்தது. மேல்வரியின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

"இந்தச் சேச்சி எதுக்குடீ இப்படிக் கத்துது?" என்றாள் போன்காரி.

"புருஷன் புட்டு நல்லால்லன்னு சொல்லிருப்பான்" என்றாள் தோழி. விரல் தள்ளியது. புட்டுக்காரி போய்விட்டாள்.

ரெஞ்சினியின் முகத்தை அப்போது பார்த்தேன். நடுத்தெருவில் சேலை அவிழ்ந்தவள் மாதிரி துப்பட்டாவை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆபீசில் வீடியோவைப் பார்ப்பது பெரிய மானிட்டரில், ஸ்பீக்கர் அலற. அங்கே பட்டன் கிடையாது, பெயர் கிடையாது, எழுத்து பளிச்சென்று இருக்கும். போனுக்கென்றே எடுத்த வீடியோவை ஒரு தடவை போனில் போட்டுப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய மேதாவிகள்.

ஆபீஸ் வந்ததும் அவள் முடிவை, வீடியோ போனில் எந்த இடத்தில் ஓடியது என்று இடம் இடமாகப் பிரித்துப் போட்டாள். நண்பர்கள் படங்களுக்கு நடுவே வரும் இடத்துக்கு வீடியோவைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். அங்கே பெயரும் பட்டனும் படத்துக்கு வெளியே இருப்பதால் எழுத்து மறையவில்லை. கேப்ஷன் வீடியோவைக் கடைசிவரை பார்த்தவர்கள் அங்கே மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழுத்திரையில் ஓடும் இடத்தில்தான் இரண்டும் சமம். விளம்பரம் பெரும்பாலும் ஓடியது முழுத்திரையில் என்பதால் மொத்தக் கணக்கு அந்த வித்தியாசத்தை விழுங்கிவிட்டது.

"இடம் பிரிச்சுப் பாக்காம தீர்ப்புச் சொல்லாதேன்னு புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான்தான் அண்ணாச்சி பாடம் எடுக்கறேன்" என்றாள். "எனக்கு வெக்கமா இருக்கு. இக்கா முன்னாடி எல்லாரையும் சிரிக்க வச்சேன்."

பிரமோத்திடம் போனாள். அவர் கதவைச் சாத்தினார். மெல்லிய கண்ணாடிக் கதவு, பேச்சு வெளியே கேட்டது, சாத்தி என்ன பயன்?

"கீழ கொண்டுபோய் எழுத்தை வச்சது ஷிஹாபு. அப்ப அவன் தப்புதானே? விடு. அடுத்த சோதனையில புதுசா கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கலாம்."

வழி நன்றாகத்தான் இருந்தது. அவள் பெயரும் கெடாது. அவள் ஒரு நிமிடம் பேசாமல் நின்றதை நான் பார்த்தேன். அந்த நிமிடத்துக்காகவும் அவள் பிறகு வெட்கப்பட்டாள்.

ஆனியம்மாவோடு வீடியோ அழைப்பு. ரெஞ்சினி தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்து மறைந்தது, தான் போனில் பார்க்காதது, பிரிக்காமல் படித்தது, அந்த ஒரு பஸ் பேச்சு உட்பட. முடித்து நிமிர்ந்தால் ஆனியம்மா காதைத் தொட்டுக் காட்டுகிறார். "மோளே, சத்தமே வரல. வாய் மட்டும் ஆடுது."

மைக் அணைந்து கிடந்தது. பிரமோத் மெதுவாக, "தெய்வமே காப்பாத்திடுச்சு. பேச்சை மாத்து" என்றார்.

ரெஞ்சினி மைக்கைத் திறந்தாள். முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். ஒரு தடவை சொல்லவே உயிர் போகிற விஷயத்தை இரண்டு தடவை சொன்னவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஆலுவாவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஷிஹாப் தன் மச்சானின் கடையில் போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். அவள் அந்த வீடியோவை ஓடவிட்டுப் போனை நீட்டினாள். தாங்க முடியாத வேகத்தில் சொல்லி முடித்தாள். "வச்ச இடம் தப்பு இக்கா. ஆனா பாத்து சரின்னு சொன்னது நான். உங்க வேலை போனது என் தப்பாலதான்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கம்பெனிப் பெயருக்கு மேலே எட்டிப் பார்த்த அந்தத் துண்டு எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப ஒருத்தருமே படிக்கலையா?"

"முழுத்திரையில ஒருத்தரும் படிச்சிருக்க முடியாது."

"படைச்சவனே!" என்று அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "படிச்சுப் பாத்துட்டுத்தான் வேண்டாம்னாங்கன்னு இத்தனை நாளும் நெனச்சிட்டிருந்தேன், மோளே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கடை வாசலில், போன் உறைகளுக்கு நடுவே, ரெஞ்சினி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.