கோணிப்பையில் வந்த ஷூ

மேஸ்திரி போனில் சொன்னது இவ்வளவுதான். "காலைல ஏழுக்கெல்லாம் கேட்டாண்ட வந்துடு நைனா. நீட்டா வா. ஷூ இல்லாங்காட்டி உள்ள வுட மாட்டான்."

சரி என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்குப் போனில் பேசவே கூச்சம். எதிரில் இருப்பவர் முகம் தெரியாவிட்டால் வாய் இன்னும் ஒட்டிக்கொள்ளும். என்ன சட்டை, என்ன ஷூ, அங்கே துணி தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா, இதெல்லாம் போனை வைத்த பிறகுதான் தோன்றியது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்க மனம் வரவில்லை.

அதுவரை மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வேலை. பாளத்தை உடைத்து, பெட்டியில் மீனும் ஐஸுமாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், அன்று முதல் அதே இடம்தான். முட்டி இரண்டும் போய்விட்டன. குளிரில் நின்றால் பிறகு நடக்க முடியவில்லை. டாக்டர் ஐஸ் பக்கமே போகாதே என்றார். எண்ணூர் பக்கம் ஒரு ஆலையில் காண்டிராக்ட் ஆள் எடுக்கிறார்கள், பெருக்குகிற வேலை, தண்ணீரில் நிற்க வேண்டியதில்லை என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் அந்த மேஸ்திரியின் நம்பர் கிடைத்தது. முதல் நாள் கேட்டைத் தாண்டி, உள்ளே நடக்கும் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால்தான் பாஸ் தருவார்கள். தாண்டாவிட்டால் வேறு ஆள். அந்த வயதில் எனக்கு வேறு வேலை யார் தருவார்கள்?

எங்கள் வீட்டில் ஷூ என்றால் ஒன்றுதான். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்பு ஷூ. பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கோயிலுக்குப் போட்டதோடு சரி, மற்ற நாளெல்லாம் பீரோவுக்கு மேலே பெட்டியில் இருக்கும். மனைவி அதை இறக்கித் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்தாள். "இன் பண்ணிகினு போ, அப்பதான் மரியாதயா பாப்பானுங்கோ" என்றாள். நானும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டேன். தெருவில் ஒருத்தி, இன்னா இன்னிக்குப் பூசையா என்று கேட்டாள். வேலைக்கு என்று மனைவி சத்தமாகச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஐஸ் வேலையை விட்டுச் சில வாரம் ஆகியிருந்ததால், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போகவில்லை. அதுவே எனக்குப் புதிது. இத்தனை வருடம் என் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மீன் வாசனை நகத்துக்குள்ளே இருக்கும். எனக்கு அது தெரியாது, மூக்கைப் பிடிப்பவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் எளிதில் அருவருப்புப் படுகிற ஆள் இல்லை. மீன் குடலில் நின்றுகொண்டு டீ குடித்தவன்.

கேட்டில் வரிசை நின்றது. சாம்பல் காற்றில் வந்து வெள்ளைக் காலரில் உட்கார்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே விட்டார்கள். மஞ்சள் ஹெல்மெட்டும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் மேஸ்திரி கொடுத்திருந்தார். செக்யூரிட்டி என் வாயை ஊதச் சொன்னார், ஊதினேன். தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவினார். பிறகு கையிலிருந்த தடியால் என் ஷூவின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார். மெத்தென்று அமுங்கியது. எனக்கு முன்னால் போனவர் ஷூவில் தட்டியபோது டொக்கென்று கேட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னா பெருசு, பொண்ணு பாக்க வந்தியா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே இரும்பு வைத்த ஷூதான் ஷூ, இது டப்பா ஷூ, ஓரமாய் நில் என்றார். ஓரமாய் நின்றேன். வெள்ளைச் சட்டையும் பெல்ட்டுமாய் நிற்கிற என்னை, சைக்கிளில் போகிறவர்கள் அதிகாரி என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். அது இன்னும் கேவலமாக இருந்தது.

மேஸ்திரி திட்டவில்லை. "ஷூன்னா இதா நைனா? சரி வா" என்று எதிரே இருந்த டீக்கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே ஒரு கோணிப்பை கிடந்தது. வாயை அவிழ்த்துத் தலைகீழாகக் கொட்டினார். ஷூக்கள். முழுக்க ஈரம். எங்களுக்கு முன்னால் உள்ளே போனவர்கள் அப்போதுதான் கழற்றி அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாடையை எப்படிச் சொல்வது? அழுகிய மீனுக்கு ஒரு வாடை உண்டு, அது மீன் வாடை. இது மனுஷ வாடை. மூடி வைத்த மனுஷ வாடை. கொட்டிய சூட்டில் குவியலிலிருந்து ஆவி கிளம்பியது. காலுறைகள் சிலவற்றில் அப்படியே சுருண்டு கிடந்தன. ஒன்றுக்குள்ளே யார் காலிலோ ஒட்டியிருந்த பழைய பிளாஸ்திரி, மஞ்சளாய், ஓரம் சுருண்டு. டீக்கடைக்காரர் முறுக்கு டப்பாவை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

ஆளுக்கு ஒரு ஜோடி கிடையாது என்று அங்கேதான் தெரிந்தது. ஆளில் பாதிக்குத்தான் ஷூ. ஒரு செட் உள்ளே போகும். போனதும் கழற்றி மூட்டை கட்டுவார்கள். டிபன் வண்டியில் மூட்டை வெளியே வரும். அடுத்த செட் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போகும். கேட்டில் எல்லார் காலிலும் ஷூ இருக்கும். உள்ளே வேலை செய்கிறவர்கள் காலில் ஹவாய் செருப்பு.

என்னைப் போலவே எடுக்க வந்த ஒருவர், திருவொற்றியூர்க்காரர், நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டிலிருந்து இரண்டு பால் கவரை எடுத்து நீட்டினார்.

"வெறுங்கால வுடாத மாமு. இத மாட்டிக்கினு அதுக்கப்புறம் வுடு. எனக்கு விரல் சந்துல வந்த சேத்துப்புண்ணு இன்னும் போவல."

அவர் தன் காலை விரித்துக் காட்டினார். நான் பார்த்திருக்கக் கூடாது.

பால் கவரை மாட்டிக்கொண்டு காலை விட்டேன். உள்ளே சூடாக இருந்தது. வெயிலின் சூடு இல்லை, இன்னொருவர் காலின் சூடு. கவர் ஒரு பக்கம் கிழிந்துபோனது கால் வைத்ததுமே தெரிந்தது. இடது ஷூ சரி, வலது ஒரு அளவு பெரிது. நடக்கும்போது உள்ளே சளக் சளக்கென்றது. அந்தக் கல்யாண ஷூவை மனைவி சோற்றுக்குக் கொடுத்த பையில் வைத்துக்கொண்டேன். செக்யூரிட்டி மறுபடி தட்டினார். டொக். போ என்றார். அதே ஷூவைக் காலையிலிருந்து அவர் எத்தனை தடவை தட்டியிருப்பார்? அவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

வகுப்பு ஏசி அறையில். கதவைச் சாத்தியதும் வாடை எழும்பியது. எங்களுக்குப் பாடம் எடுக்க வந்த பாதுகாப்பு அதிகாரி சின்ன வயதுக்காரர், சுத்தமாய் இருந்தார். இரண்டு படம் காட்டினார். விரல் நசுங்கிய கால் ஒன்று, ஷூ போட்டுத் தப்பிய கால் ஒன்று. மூன்றாவது படத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அலமாரியிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்து எங்கள் தலைக்கு மேல் அடித்தார். ரோஜா வாசனை. ரோஜாவும் அதுவும் சேர்ந்தபோது நான் வாயால் மூச்சு விட ஆரம்பித்தேன்.

காலுறையைத் தினமும் துவைக்க வேண்டும் என்று சொன்னார். குளிக்கிற பழக்கம் வேண்டும் என்றார். உங்கள் ஷூ உங்கள் பொறுப்பு என்றார்.  மேஸ்திரி சுவரோரம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி என்னைப் பார்த்தார்.

"இவரைப் பாருங்க. வயசுல பெரியவர். எவ்வளவு நீட்டா வந்திருக்கார். எழுந்து நில்லுங்க ஐயா."

எழுந்து நின்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். திருவொற்றியூர்க்காரர் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். கிழிந்த கவருக்குள்ளே ஈரம் என் விரல்களுக்கிடையே ஏறிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் பாஸ் இல்லை. அங்கிருந்த எல்லாருக்கும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பாஸ் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் ஒரு ஷெட்டுக்குப் பின்னால் கோணிப்பை விரிந்தது. கழட்டு கழட்டு, வெளியே ஆளுங்க நிக்கிறாங்க என்றார் மேஸ்திரி. கழற்றிப் போட்டேன். செருப்பு கொண்டுவரவில்லை. கல்யாண ஷூவைப் பையிலிருந்து எடுத்தேன். அந்தக் காலை அதற்குள் விட மனம் ஒப்பவில்லை. மகள் கல்யாணத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் நடந்தேன். பையில் திரும்ப வைத்துவிட்டு, நிலக்கரி போகிற பெல்ட்டுக்கு அடியில் வெறுங்காலோடு பெருக்கினேன். மத்தியானத்துக்குள் சட்டை கறுத்துவிட்டது. அதற்காக எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சட்டையைத் துவைக்கலாம்.

வீட்டுக்கு வந்து அடிபம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோப்பு கரையும்வரை காலைத் தேய்த்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டாள், சொல்லிவிட்டேன். அவள் உடனே போய், சரக்குத் துறைமுகத்தில் வேலை பார்க்கிற அவள் தம்பியிடமிருந்து அவன் மாற்றுக்கு வைத்திருந்த இரும்பு ஷூவை வாங்கி வந்தாள். அதுவும் ஒருவன் போட்டதுதான். ஆனால் மச்சான் கால் எனக்குத் தெரியும்.

மறுநாள் செக்யூரிட்டி தட்டினார். டொக். பழைய சட்டை, சொந்த ஷூ. நிமிர்ந்து நடந்தேன். ஷெட்டுக்குப் பின்னால் மேஸ்திரி என் காலைப் பார்த்ததும் அவர் முகமே மலர்ந்தது.

"சூப்பர் நைனா. இன்னொரு ஜோடி சேந்துச்சு. கழட்டிப் போடு."

பையின் வாயை என் முன்னால் விரித்துப் பிடித்தார். உள்ளேயிருந்து அதே ஆவி. நான் குனிந்தேன். கயிற்றை அவிழ்க்கத்தான் குனிகிறேன் என்று அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கை இன்னொரு முடிச்சுப் போட்டது.

"இது கயட்டறதுக்கு இல்ல" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

 அவர் வாயில் மென்றுகொண்டிருந்த மாவாப் புகையிலையை ஓரமாய்த் துப்பினார். உன் ஒருத்தனுக்காக வெளியே ஒருத்தன் நிற்பான், பரவாயில்லையா என்று கேட்டார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். அன்று முழுக்க ஷூவோடு பெருக்கினேன். சாயங்காலம் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். தேவைப்பட்டால் போன் பண்ணுகிறேன் என்றார். போன் வரவில்லை.

இப்போது மறுபடியும் ஐஸில்தான் நிற்கிறேன், அந்த ஷூவோடு. தண்ணீர் உள்ளே போகாததால் முட்டி கொஞ்சம் தாங்குகிறது. ஏலத்துக்கு வருகிற பெண்கள் ஆபீசர் வந்துட்டாரு என்று கிண்டல் செய்வார்கள். ஒருநாள் பெட்டி தூக்க வந்தவன், ஷூவை அரை மணி நேரம் கொடுத்துவிட்டுப் போ, கால் விறைக்கிறது என்று கேட்டான். தெரிந்த பையன்தான், நல்லவன். அவன் கேட்டு முடிப்பதற்குள் அந்தக் கோணிப்பையின் வாய் என் மூக்குக்கு முன்னால் திறந்துகொண்டது. முடியாது என்று சொல்லக்கூட முடியவில்லை. படகு மறைவுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.